ஜப்பானியப் படிவத்தை ஸ்கேன் செய்யும்போது ஆப்பில் எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பது?

டோக்கியோவின் எதொகவா வார்டில், அதுவும் நிஷி கசாய் பக்கம், இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு, அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பிள்ளைகுட்டியோடு அங்கே குடிபோகிறவர் கைக்குச் சீக்கிரமே வந்து சேரும் தாள்களில் ஒன்று 児童手当 認定請求書, அதாவது குழந்தைகளுக்கான உதவித்தொகை கேட்டு வார்டு அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பம். குழந்தை பிறந்தாலோ புதிய ஊருக்கு மாறி வந்தாலோ 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அந்த இடைப்பட்ட மாதத்துப் பணம் கைக்கு வராமல் போகலாம். 2024 அக்டோபரிலிருந்து இதற்கு வருமான வரம்பும் கிடையாது, மூன்று வயது நிறையாத குழந்தைக்கு மாதம் 15,000 யென், மூன்றாவது பிள்ளை என்றால் அதைவிடக் கூட. ஆக, புரியவில்லை என்று ஓரமாக வைத்துவிடக் கூடிய தாள் இல்லை இது.

சரி, போனில் ஏதோ ஒரு ஸ்கேன் ஆப் இருக்கிறது, படம் பிடித்தால் எழுத்தை எடுத்துத் தரும், அதை மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று உட்காருகிறீர்கள். படம் அழகாக விழுகிறது. ஆனால் எழுத்தை காப்பி செய்து ஒட்டினால் KE #4 FB என்று என்னென்னவோ வருகிறது. ஆப் சரியில்லை என்று நினைத்து இன்னொன்றை இறக்குகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் ஆப் மேல் பிழை இருக்காது. செட்டிங்ஸில் OCR language என்றோ Text recognition language என்றோ ஒரு வரி இருக்கும், அது English என்றே கிடக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது, அதைத் தப்பாக வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, சரியாக வைத்த பிறகும் எங்கே சறுக்கும் என்பதை மேலே சொன்ன படிவத்தையே கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

மூன்று மொழிகள், மூன்று வேலைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த வேலையில் மொழி என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. ஆப்பின் பட்டன்களும் மெனுவும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. தாளில் அச்சாகியிருப்பது எந்த மொழி என்பது இரண்டாவது. கடைசியில் நீங்கள் எந்த மொழியில் படிக்க விரும்புகிறீர்கள் என்பது மூன்றாவது. எழுத்துணரிக்கு, அதாவது ஓசிஆருக்கு, வேண்டியது இரண்டாவது மட்டும்தான். அந்த இடத்தில் தமிழ் என்றோ ஆங்கிலம் என்றோ வைத்தால், எனக்குத் தமிழில் கொடு என்று அது எடுத்துக்கொள்ளாது, இந்தத் தாளில் இருப்பது தமிழ் எழுத்து, அப்படியே படி என்றுதான் எடுத்துக்கொள்ளும். பிறகு ஜப்பானிய எழுத்தைப் பார்த்து அதற்கு மிகவும் நெருக்கமாகத் தெரியும் தமிழ் எழுத்தைத் தேடும். அதற்கு வேறு வழி இல்லை.

பல ஆப்கள் போனின் மொழி எதுவோ அதையே இதற்கும் வைத்துவிடுகின்றன. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் போன் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால்தான் யாரும் தொடாமலேயே அந்த வரி English என்று நிற்கிறது.

ஸ்கேன் என்பது வேறு, எழுத்துணர்தல் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்தால் கிடைப்பது ஒரு படம், தாளின் விளிம்பைக் கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, வெளிச்சத்தைச் சமன் செய்த படம். அதற்கு மொழியே தேவையில்லை. அதன் பிறகுதான் எழுத்துணரி வருகிறது. படத்தில் எழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும், வரி வரியாகப் பிரிக்கும், ஒவ்வொரு வரியையும் தனக்குப் பழக்கப்பட்ட எழுத்துகளோடு ஒப்பிட்டு இது இன்ன எழுத்து என்று முடிவு செய்யும். முடிவு செய்ததை பிடிஎஃப்பில் படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடுக்காகப் பதித்துவிடும். நீங்கள் விரலால் அழுத்தித் தேர்ந்தெடுப்பதும், தேடலில் அகப்படுவதும், மொழிபெயர்ப்புக்குப் போவதும் அந்த மறைந்த அடுக்குதான். மேலே தெரியும் படம் பளிச்சென்று இருக்கும், அடியில் இருப்பது குப்பையாக இருக்கும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் காப்பி செய்து ஒட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்கிறேன்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஒப்பிடும் கட்டம்தான் மாறுகிறது. எந்த எழுத்துகள் வரலாம் என்ற பட்டியல், எந்த எழுத்துக்குப் பிறகு எது வருவது வழக்கம் என்ற பழக்கம், வரி இடமிருந்து வலமா மேலிருந்து கீழா, சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்களா மாட்டார்களா, இவையெல்லாம் அந்த ஒரே தேர்வில் அடக்கம். ஆங்கிலத்துக்குச் சிறியதும் பெரியதுமாக 52 எழுத்தும் எண்களும் நிறுத்தற்குறிகளும் போதும். ஜப்பானியத்துக்கு அடிப்படையாக 46 ஹிரகானா, 46 கட்டகானா, அதன் மேல் கான்ஜி, அதாவது சீன வழி எழுத்துகள், அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்டவை மட்டும் 2,136. ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்று சேர்த்தால் இன்னும் கூடும். எழுத்துணரிக்குள் ஒவ்வொரு மொழிக்கும் பழக்கிவைத்த மாடலைத்தான் இனி மாதிரி என்கிறேன்; இவ்வளவும் தெரிந்த மாதிரி வேறு, 52 எழுத்து தெரிந்த மாதிரி வேறு, அதனால்தான் சில ஆப்கள் மொழியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பொதியை இறக்கிக்கொள்ளச் சொல்கின்றன.

பட்டியலில் எதைத் தொடுவது

தாளைப் பார்த்தே மொழியைக் கண்டுபிடிக்க ஜப்பானியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வளைந்து நெளிந்து, இரண்டு மூன்று கோடுகளுக்குள் முடிந்துவிடும் எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். の, し, は மாதிரியானவை ஹிரகானா. கோணமாக, வெட்டி வைத்ததுபோல இருக்கும் カ, ナ, リ போன்றவை கட்டகானா. இந்த இரண்டில் எது கண்ணில் பட்டாலும் தாள் ஜப்பானியம்தான், சீனத்தில் இவை கிடையாது. நம் படிவத்தின் தலைப்பு 児童手当 認定請求書 முழுக்க கான்ஜியாகவே இருப்பதால் அதைப் பார்த்தால் சீனமோ என்று தோன்றும். ஆனால் பெயர் எழுதும் கட்டத்துக்கு மேலேயே பொடியாக フリガナ என்று போட்டிருக்கும், பெயரின் உச்சரிப்பைக் கட்டகானாவில் எழுதச் சொல்லும் இடம் அது. அந்த நான்கு எழுத்து போதும் உங்களுக்கு. சின்ன வட்டங்களும் நேர்க்கோடுகளும் சேர்ந்த கட்டம் கட்டமான எழுத்து என்றால் அது கொரியம்.

இனி பட்டியலைத் திறந்தால் Japanese அல்லது 日本語 என்று இருக்கும். அதைத் தொட்டால் வேலை முடிந்தது. ஆனால் சில ஆப்களில் அது இருக்காது, Chinese (Simplified), Chinese (Traditional) என்று இரண்டு மட்டும் இருக்கும். அல்லது அவசரத்தில் எழுத்தைப் பார்த்துச் சீனம் என்றே நினைத்து அதைத் தொட்டிருப்பீர்கள். இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். ஆங்கிலத்தை வைத்தால் வரும் குப்பை பார்த்த மாத்திரத்தில் குப்பை என்று தெரிந்துவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். சீனத்தை வைத்தால் வருவது கிட்டத்தட்ட சரியாக இருக்கும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

கான்ஜி சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனதுதான், ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு நாடுகளும் தனித்தனியாக எழுத்தை எளிமைப்படுத்தின, தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டன. அதனால் ஒரே எழுத்துக்கு மூன்று முகம். உறவுமுறையைக் கேட்கும் கட்டத்தில் 続柄 என்று இருக்கும், அதன் முதல் எழுத்து ஜப்பானில் 続, சீனத்தில் 续, தைவானில் 續. குழந்தை என்ற பொருளில் தலைப்பிலேயே வரும் 児 சீனத்தில் 儿, தைவானில் 兒. சீன எளிய வடிவத்துக்குப் பழக்கப்பட்ட எழுத்துணரி 続 என்ற எழுத்தைப் பார்த்தால், அது தன் பட்டியலில் இல்லாததால், ரொம்பவும் ஒத்துப்போகிற 续 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை என்று ஒரு எச்சரிக்கையும் வராது.

பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பகுதியில் 振込 என்ற சொல் வரும், வங்கிக் கணக்குக்கு அனுப்புதல். இதில் 込 ஜப்பானிலேயே உருவாக்கிக்கொண்ட எழுத்து, சீனத்தின் அன்றாட எழுத்தில் கிடையவே கிடையாது. சீன மாதிரிக்கு இதைக் கொடுத்தால் அதே அடித்தளம் கொண்ட வேறு எதையாவது போட்டுத் தொலைக்கும், பணம் எங்கே வரும் என்று சொல்லும் வரிதான் புரியாமல் போகும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று வார்டின் பெயரிலேயே இருக்கிறது. எதொகவா வார்டை 江戸川区 என்று எழுதுவார்கள். சீன மாதிரி இதை 江户川区 என்று படிக்கும். உற்றுப் பாருங்கள், இரண்டாவது எழுத்தின் தலையில் ஜப்பானிய வடிவத்தில் ஒரு படுக்கைக் கோடு, சீன வடிவத்தில் ஒரு சாய்ந்த புள்ளி, வேறு வித்தியாசமே இல்லை. நமக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்து. பிடிஎஃப்பில் 江戸川 என்று தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும். அங்கிருந்து முகவரியை காப்பி செய்து ஏதாவது இணையப் படிவத்தில் ஒட்டினால் அது ஏற்காமல் அடம்பிடிக்கலாம், ஏன் என்று உங்களுக்கும் புரியாது, எதிரில் இருப்பவருக்கும் புரியாது. மொழிபெயர்ப்பு மென்பொருள் மட்டும் இரண்டையும் சமாளித்து எதொகவா என்றே காட்டிவிடும், அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு வந்துவிடும்.

கானா எழுத்துகளின் கதி இன்னும் மோசம். சீன மாதிரிக்கு அவை பழக்கமில்லாதவை, அதனால் ஒத்துப்போகிற எதையாவது வைத்துவிடும். カ இருக்கும் இடத்தில் 力, ロ இருக்கும் இடத்தில் 口, ニ இருக்கும் இடத்தில் 二. இந்த ஜோடிகளில் முதலாவது கட்டகானா, இரண்டாவது கான்ஜி, அச்சில் பெரும்பாலும் அளவில்தான் வித்தியாசம். நம் பெயர்கள் அங்கே கட்டகானாவில்தான் எழுதப்படும் என்பதால் குமார் என்பது クマール. நடுவில் இருக்கும் நீட்டல் கோடு ー, ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் கான்ஜி 一 மாதிரியே இருப்பதால் அதுவாக மாறிவிடும். ஜப்பானிய மாதிரி இவற்றை எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்றால், பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான். முன்னும் பின்னும் கட்டகானா இருந்தால் நடுவில் இருப்பதும் நீட்டலாகத்தான் இருக்கும் என்று அதற்குப் பழக்கம் உண்டு, சீன மாதிரிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எனவே Japanese இல்லாத ஆப் என்றால் சீனத்தை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வேறு ஆப்புக்குப் போங்கள். பட்டியல் ஏன் ஆப்புக்கு ஆப் மாறுகிறது என்றால், எழுத்துணரியைப் பெரும்பாலானவர்கள் சொந்தமாகச் செய்வதில்லை, ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்துப் பொருத்துகிறார்கள். ஆண்ட்ராய்டு ஆப் செய்கிறவர்களுக்கு கூகுள் இலவசமாகத் தரும் எம்எல் கிட் என்ற தொகுப்பை எடுத்துக்கொண்டால், லத்தீன், சீனம், தேவநாகரி, ஜப்பானியம், கொரியம் என்று ஐந்து எழுத்துவகைகளுக்குத்தான் இருக்கிறது. தமிழும் இல்லை, ரஷ்ய எழுத்தும் இல்லை. அதை மட்டும் நம்பிச் செய்த ஆப்பில் தமிழைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்.

தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கூகுள் லென்ஸில் மொழியை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, கூகுள் டிரைவில் படத்தைப் போட்டு கூகுள் டாக்ஸில் திறந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும், 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் கூகுள் சொல்கிறது. அவசரத்துக்கு இவை போதும். ஆனால் தானாகக் கண்டுபிடிப்பது தாளில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி 住所 என்ற இரண்டு எழுத்தைக் காட்டினால் அது சீனமா ஜப்பானியமா என்று சொல்ல யாராலும் முடியாது, இரண்டிலும் அதே எழுத்து, பொருளும் கிட்டத்தட்ட அதே. முழுப் பக்கத்தையும் காட்டினால் எங்கோ ஒரு の கிடைத்து முடிவு சரியாகிவிடும்.

இன்னொன்று, English, Japanese இரண்டையும் சேர்த்தே டிக் செய்யலாமா என்று கேட்பார்கள். ஜப்பானிய மாதிரிக்கு ஆங்கில எழுத்தும் எண்களும் ஓரளவு தெரியும், அரசுப் படிவத்துக்கு அது போதும். மொழியைக் கூட்டக் கூட்ட எழுத்துணரி குழம்பவும் இடம் அதிகம். பக்கம் பாதி ஆங்கிலமாக இருந்தால் மட்டும் இரண்டையும் வையுங்கள், அப்போதும் முதலாவதாக ஜப்பானியம் இருக்கட்டும்.

படம் எடுக்கும்போது

மொழியைச் சரியாக வைத்தும் எழுத்து தப்பாக வந்தால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது படத்தை. ஆங்கிலத்தில் பொடி எழுத்து கொஞ்சம் மங்கினாலும் a என்பது a என்று தெரிந்துவிடும். கான்ஜியில் 童 மாதிரி ஒரு எழுத்துக்குள் பன்னிரண்டு கோடுகள் அடைந்து கிடக்கின்றன, மங்கினால் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் சுமார் 2,480க்கு 3,508 புள்ளிகள் வரும், அப்போது 6 பாயிண்ட் அளவுப் பொடி எழுத்தின் உயரம் 25 புள்ளி, அதுவே குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் போன் கேமரா இதற்குப் போதும், தாள் சட்டத்தை நிறைத்தபடி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மேசையில் பாதி தெரிய தூரத்திலிருந்து எடுத்தால் புள்ளிகள் மேசைக்குத்தான் போகும். ஜன்னல் பக்கமாக வைத்து, உங்கள் நிழல் தாளில் விழாதபடி நேர் மேலிருந்து எடுங்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு வெள்ளை ஃபில்டர். ஆங்கிலக் கடிதத்துக்கு அது நன்றாகத்தான் இருக்கும். ஜப்பானிய அரசுப் படிவங்களில் கட்டங்களும் தலைப்புகளும் வெளிர் பச்சையிலோ ஆரஞ்சிலோ அச்சாகியிருப்பது உண்டு, கறுப்பு வெள்ளையாக்கினால் அவை பாதி மறைந்துவிடும், இருப்பவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலராகவே வையுங்கள், கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்கேனை வெற்றுப் படிவத்தில் செய்யுங்கள், நிரப்பிய பிறகு செய்யாதீர்கள். கையெழுத்து எழுத்துணரியைக் குழப்பும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், இந்தப் படிவத்தில் 個人番号 என்று ஒரு கட்டம் இருக்கும், மை நம்பர் எனப்படும் 12 இலக்க எண்ணை அதில் எழுத வேண்டும். கீழே வங்கிக் கணக்கு எண்ணும் வரும். எழுத்துணரியில் சில போனுக்குள்ளேயே வேலை செய்பவை, சில படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பிப் படிப்பவை, எது எப்படி என்று ஆப்பைப் பார்த்துச் சொல்வது சிரமம். வெறும் தாள் எங்கே போனாலும் கவலை இல்லை.

வந்த எழுத்தைச் சோதிப்பது

ஸ்கேன் முடிந்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்து நோட்ஸ் ஆப்பில் ஒட்டுங்கள். நான் பார்க்கச் சொல்வது மூன்றே இடம். முதலில் フリガナ, நான்கு எழுத்தும் அப்படியே வந்திருக்கிறதா. フ இருந்த இடத்தில் 7 என்றோ ナ இருந்த இடத்தில் 十 என்றோ வந்திருந்தால் மொழி ஜப்பானியத்தில் இல்லை. அடுத்து 続柄, முதல் எழுத்து தாளில் இருப்பதுபோலவே இருக்கிறதா. பெரிதாக்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், வலது பாதி 売 மாதிரி இருக்க வேண்டும், 卖 மாதிரி இருந்தால் சீனம் வேலை செய்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை, போனின் எழுத்துருவும் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக் காட்டக் கூடும், அதனால் பார்ப்பதோடு நிறுத்தாமல் 続柄 என்று பிடிஎஃப்பில் தேடியும் பாருங்கள். மூன்றாவது வார்டின் பெயர், அதையும் இதே மாதிரி தேடலாம்.

வருகிற பிழை எந்த வகை என்பதை வைத்தே காரணத்தையும் சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை, ஆனால் எண்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன என்றால் மொழி ஆங்கிலத்தில் நிற்கிறது. கான்ஜி கிட்டத்தட்டச் சரி, கானா மட்டும் சிதைந்திருக்கிறது என்றால் சீனம். எழுத்துகள் ஒவ்வொன்றும் சரி, வரிசை மட்டும் தலைகீழ் என்றால் மொழியில் குறை இல்லை, கட்டங்களைப் பிரித்ததில்தான் குறை, மொழியை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படிவம் என்றாலே கட்டங்கள், அதனால் கடைசி வகை நிறைய வரும். நம் தாளில் இடது ஓரத்தில் ஒரு குறுகிய பத்தியில் 請求者, அதாவது விண்ணப்பதாரர், என்ற மூன்று எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். எழுத்துணரி அதைப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்து வரி வரியாகப் படித்தால் 請 ஒரு வரியின் தொடக்கத்திலும் 求 அடுத்த வரியிலும் 者 அதற்கடுத்ததிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து கீழாக எழுதுவதற்கென்றே சில மென்பொருள்களில் தனி ஜப்பானியத் தேர்வு உண்டு, டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரியில் அது jpn_vert. ஆனால் அது முழுப் பக்கமும் செங்குத்தாக இருக்கும் கடிதங்களுக்கு. படிவத்தில் ஒரு ஓரம் மட்டும் அப்படி என்றால் சாதாரண ஜப்பானியத்தையே வைத்து, அந்த ஓரத்தைக் கண்ணால் படித்துக்கொள்வதே மேல். தொந்தரவு அதிகமானால் படிவத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தனித்தனியாகக் கொடுங்கள், வரிசை தானாகச் சீராகும்.

டிக் செய்யும் பெட்டிகளும் ஒரு தலைவலி. துணைவர் உண்டா இல்லையா என்பதற்கு □有 □無 என்று இருக்கும். அந்தப் பெட்டி 口 என்றோ ロ என்றோ எழுத்தாகிவிடும், ஏனென்றால் அச்சு அசலாக அதே உருவம். மொழிபெயர்ப்பில் திடீரென்று வாய் என்று ஒரு சொல் முளைத்தால் அது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். இதற்கு எந்த மொழித் தேர்வும் மருந்தில்லை, தாளைப் பார்த்து நீங்களேதான் நீக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் ஜப்பானியத்துக்கு மட்டும் உரியது இல்லை, எழுத்து ஒன்று மொழி வேறு என்று இருக்கும் எல்லா இடத்திலும் உண்டு. ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், உணவகப் பலகையில் இருக்கும் РЕСТОРАН என்ற சொல்லை ஆங்கிலத்தில் வைத்து ஸ்கேன் செய்தால் PECTOPAH என்று சுத்தமாக வரும், எழுத்தெல்லாம் அழகு, சொல்தான் இல்லை. அதே எழுத்துவகையில் உக்ரைனியத்துக்கு ї, є என்று தனி எழுத்துகள் உண்டு, ரஷ்யம் வைத்தால் அவை மாறிப்போகும். வளைகுடாவில் அரபித் தாளுக்கு உருதுவைத் தேர்ந்தெடுப்பதும் இதே ரகம்.

பழைய ஸ்கேனைத் திருத்துவது

மொழியை இப்போது மாற்றினால் நேற்று எடுத்த பிடிஎஃப் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. அடியில் பதிந்த அடுக்கு பதிந்ததுதான், புதிய அமைப்பு இனிமேல் எடுப்பதற்குத்தான் பொருந்தும். சில ஆப்களில் அந்தக் கோப்பையே திறந்து மீண்டும் எழுத்துணரச் சொல்லலாம், அந்த வசதி இல்லையென்றால் படத்தை மட்டும் ஜேபெக்காக வெளியே எடுத்து, மொழியை மாற்றிவிட்டுப் புதிதாக உள்ளே கொடுக்க வேண்டும். கணினியில் செய்ய விருப்பமுள்ளவர்களுக்கு ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவச நிரல் இருக்கிறது, டெசராக்டைக் கொண்டு வேலை செய்வது. ஜப்பானியப் பொதியையும் நிறுவிக்கொண்டு இப்படிக் கொடுத்தால் பழைய அடுக்கை விட்டுவிட்டுப் புதிதாகப் படிக்கும்:

```
ocrmypdf -l jpn --force-ocr form.pdf form-jpn.pdf
```

இதில் -l என்பதற்குப் பிறகு வருவதுதான் நாம் இவ்வளவு நேரம் பேசிய மொழித் தேர்வு. jpn இருக்கும் இடத்தில் எளிய சீனத்துக்கு chi_sim, பழைய வடிவச் சீனத்துக்கு chi_tra, தமிழுக்கு tam. எதுவும் கொடுக்காமல் விட்டால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும், போன் ஆப்பில் நடந்த அதே கதை. எல்லாமே இணையத்துக்குப் போகாமல் உங்கள் கணினியிலேயே நடப்பதால், நிரப்பிய படிவத்தைக் கொடுப்பதானால் இதுதான் தேவலை.

நிரப்பிய படிவத்தைப் பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்து வைப்பவர்கள் எழுத்துணரியை அணைத்துவிட்டே எடுக்கலாம். வார்டு அலுவலகத்தில் பிறகு ஏதாவது கேட்டால் காட்ட வேண்டியது படத்தைத்தான். தேட வேண்டும் என்றால் கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே தேதியையும் 児童手当 என்பதையும் சேர்த்து வைத்துவிடுங்கள், அந்த நான்கு எழுத்தையும் முன்பு சரியாக வந்த வெற்றுப் படிவத்திலிருந்தே காப்பி செய்துகொள்ளலாம்.